விடிந்தால் திறப்பு விழா, பிரவுச்சரில் பிழை: என்ன செய்யலாம்?

மதுரை அண்ணா நகரில் ஒரு எலும்பு மருத்துவமனைக்கு மறுநாள் காலை திறப்பு விழா என்று வைத்துக்கொள்வோம். விளம்பர நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் பெண் இரவு ஒன்பது மணிக்கு அச்சகத்தில் நிற்கிறாள். பிரவுச்சரின் வெளிப்பக்கம் ஓடி முடிந்து ஷீட்கள் காய்கின்றன. உள்பக்க புரூஃபைப் பார்த்தவள் திடுக்கிடுகிறாள். தலைப்பில் ‘முட்டு வலி’ என்று இருக்கிறது. மூ-வின் சுழி இல்லை. உள்ளே இருக்கும் பத்தியையெல்லாம் வரிவரியாகப் படித்தவர்கள், பெரிய எழுத்தைப் படம்போலப் பார்த்துவிட்டுத் தாண்டியிருக்கிறார்கள். தலைப்பில் பிழை தப்புவது பெரும்பாலும் இப்படித்தான்.

முதலில், பிழை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வாடிக்கையாளர் ஒப்புதல் தந்த பி.டி.எஃப்-ஐத் திறந்தாள், அதிலும் ‘முட்டு’தான். அதே சொல் வேறெங்காவது இருக்கிறதா என்றும் தேடினாள். புரூஃபில் வட்டமிட்டுப் படமெடுத்து மேலாளருக்கு அனுப்பிவிட்டு உடனே போன் செய்தாள், ஏனென்றால் அந்த நேரத்தில் படத்தை மட்டும் அனுப்பினால் காலையில்தான் பார்ப்பார்கள்.

அடுத்து, அச்சகத்தில் கேட்க வேண்டிய கேள்வி: “அண்ணே, உள்பக்கம் மிஷினில் ஏறிவிட்டதா?”

“இல்லம்மா, பிளேட் மட்டும் ரெடி.”

இங்கேதான் எழுத்தின் நிறம் முக்கியமாகிறது. ஆப்செட் அச்சில் நிறத்துக்கு ஒன்றாக சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு பிளேட். எழுத்து வெறும் கறுப்பாக இருந்தால் கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால், அந்த நீலத்தை உண்டாக்கும் பிளேட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் நாலு நிறமும் கலந்த கறுப்பாக இருக்கலாம், கண்ணை நம்பாதீர்கள். அக்ரோபாட் புரோவில் Output Preview திறந்து Black என்பதை மட்டும் அணைத்தாள், தலைப்பு முழுவதும் மறைந்தது. சரி, ஒரே பிளேட்.

அப்புறம் திருத்தம். அந்த ஒரு எழுத்தைத் தவிர எதையும் தொடக்கூடாது. மூ கொஞ்சம் அகலம் என்பதால் வரி உடைந்து கடைசிச் சொல் கீழே இறங்கலாம், அதைப் பாருங்கள். புதிய கோப்புக்குப் புதுப் பெயர் வையுங்கள், பழையதை அச்சகக் கணினியிலிருந்து நீக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவசரத்தில் பழையதே மறுபடி பிளேட்டாகும். மேலாளரின் ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகே பிளேட் போடச் சொல்லுங்கள்.

இரண்டு பக்கமும் ஓடி முடிந்திருந்தால்? தலைப்பின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் அசிங்கமாகத் தெரியும், என் கணக்கில் அது வேண்டாம். விழாவுக்கு வருபவர்களுக்குத் தேவையானதை மட்டும் டிஜிட்டல் பிரிண்டில் எடுங்கள், மீதியை அப்புறம் மறுபடி அச்சடிக்கலாம். தொலைபேசி எண்ணில் பிழை என்றால் மட்டும் ஸ்டிக்கர் சரிப்படும், சின்ன இடம்தானே.

கடைசியாக, மிஷின் ஓடியதும் முதல் சில ஷீட்களைக் கையில் வாங்குங்கள். அவள் தலைப்பைப் பார்த்தாள், புது பிளேட் மற்ற மூன்றோடு சரியாகப் பொருந்துகிறதா என்று மூலைக் குறிகளைப் பார்த்தாள், ஷீட்டில் இருந்த தொலைபேசி எண்ணுக்குத் தன் போனிலிருந்து அடித்துப் பார்த்தாள். மருத்துவமனை வரவேற்பில் யாரோ எடுத்தார்கள். “ஓட்டுங்கண்ணே” என்றாள்.