அந்த ‘ab’ என்ன சொல்கிறது? அனோவா முடிவை எழுதும்போது வரும் தவறுகள்

தாவரவியல் செய்முறை ரெக்கார்டில் கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், அதை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. சறுக்குவது அட்டவணைக்குக் கீழே எழுதும் நாலு வரியில்தான். ஒரே ஒரு சோதனையை வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை.

பச்சைப்பயறு நாற்றுகளுக்கு 0, 50, 100, 150 மில்லிமோலார் உப்புக்கரைசல் ஊற்றுகிறோம். ஒவ்வொரு அளவுக்கும் 5 தொட்டி, தொட்டிக்கு 10 நாற்று. ஏழாம் நாள் வேர் நீளத்தின் சராசரி முறையே 8.2, 7.1, 6.1, 3.4 செ.மீ. ஒருவழி அனோவா தந்த விடை: F(3, 16) = 32.7, p < 0.001.

இதைப் பார்த்ததும் பலர் எழுதுவது: “அனோவாவின்படி 150 மில்லிமோலார் உப்பு வேர் வளர்ச்சியைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது.” அனோவா அப்படிச் சொல்லவே இல்லை. நான்கு சராசரிகளும் உண்மையில் ஒன்றே என்றால் இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாக வருவது மிக அரிது என்பதோடு அது நின்றுவிடுகிறது. எது எதிலிருந்து வேறுபடுகிறது என்பதற்கு டூக்கி போன்ற பின் ஒப்பீடு வேண்டும். எந்த ஒப்பீட்டைச் செய்தோம் என்று பெயர் சொல்லி எழுதவும் வேண்டும்.

நம் தரவுக்கு டூக்கி முறை தரும் எல்லை 1.45 செ.மீ. இரண்டு சராசரிகளின் இடைவெளி அதைத் தாண்டினால்தான் வேறுபாடு என்று சொல்லலாம். 0-க்கும் 50-க்கும் இடைவெளி 1.1, தாண்டவில்லை. 50-க்கும் 100-க்கும் 1.0, அதுவும் தாண்டவில்லை. ஆனால் 0-க்கும் 100-க்கும் 2.1, தாண்டிவிட்டது. 150-ஓ அருகிலுள்ள 100-இலிருந்தே 2.7 தள்ளி நிற்கிறது. ஆகவே அட்டவணையில் சராசரிகளுக்குப் பக்கத்தில் போடும் எழுத்துகள் வரிசையாக a, ab, b, c.

குழப்பம் இங்கேதான். ‘a’ முதல் மதிப்பெண் அல்ல, ‘ab’ நடுத்தரமும் அல்ல. இரண்டு குழுக்களுக்கு ஓர் எழுத்தாவது பொதுவாக இருந்தால், அவற்றுக்கிடையே வேறுபாடு இருப்பதாக இந்தச் சோதனை காட்டவில்லை, அவ்வளவுதான். “0-உம் 50-உம் ஒன்று, 50-உம் 100-உம் ஒன்று, அப்போ 0-உம் 100-உம் ஒன்று” என்ற கணக்கு இங்கே செல்லாது. “ஒவ்வொரு படியிலும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது” என்பதும் தவறு. முதல் இரண்டு படிகளில் அது தேறவில்லையே.

இதைவிட நுட்பமான தவறு, “50 மில்லிமோலார் உப்பு வேரைப் பாதிக்கவில்லை” என்பது. சராசரி 1.1 செ.மீ. குறைந்திருக்கிறதே! அந்த வேறுபாட்டுக்கு டூக்கி முறை தரும் 95% நம்பக இடைவெளி ஏறக்குறைய −0.35 முதல் 2.55 செ.மீ. வரை. அதாவது வேர் இரண்டரை சென்டிமீட்டர் குட்டையாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு, கொஞ்சமும் மாறாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஐந்து தொட்டிகளை வைத்து இரண்டையும் பிரிக்க முடியவில்லை. “பாதிப்பு இல்லை” என்பது வேறு, “பாதிப்பு காட்டப்படவில்லை” என்பது வேறு.

F-க்குப் பின் அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு எண்களையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், தவறைக் காட்டிக்கொடுப்பவை அவை. நாலு குழு என்பதால் முதல் எண் 3, இருபது தொட்டியில் நாலைக் கழித்தால் இரண்டாவது 16. அங்கே F(3, 196) என்று இருந்தால் 200 நாற்றுகளையும் தனித்தனி மாதிரிகளாக எண்ணிவிட்டார்கள் என்று பொருள். உப்பு ஊற்றியது தொட்டிக்கு. ஒரே தொட்டியின் பத்து நாற்றுகளும் ஒரே மண்ணையும் ஒரே வெயிலையும் பகிர்ந்துகொள்கின்றன. தொட்டிச் சராசரியைத்தான் உள்ளிட வேண்டும். F(1, 18) என்று வந்தால் வேறு கதை: R மென்பொருள் உப்பு அளவை வெறும் எண்ணாக எடுத்து நேர்கோடு பொருத்திவிட்டது. அப்புறம் `TukeyHSD` ஓடாமல் பிழை காட்டும்போதுதான் பலருக்கு உறைக்கும்.

```
d$salt <- factor(d$salt)
m <- aov(root ~ salt, data = d)
summary(m)
TukeyHSD(m)
```

சில மென்பொருள்கள் p-ஐ 0.000 என்று காட்டும். அதை அப்படியே எழுதாமல் p < 0.001 என்று எழுதுங்கள்.

சரி, இந்தச் சோதனைக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்: “உப்பு அளவுக்கேற்ப வேர் நீளச் சராசரிகள் வேறுபட்டன (ஒருவழி அனோவா, F(3, 16) = 32.7, p < 0.001, ஒவ்வொரு அளவுக்கும் 5 தொட்டி). டூக்கி ஒப்பீட்டின்படி (5% நிலை), 100 மில்லிமோலாரில் வேர் கட்டுப்பாட்டுக் குழுவைவிட 2.1 செ.மீ. குட்டையாக இருந்தது, 150-இல் மற்ற மூன்றையும்விடக் குட்டை. 50 மில்லிமோலார் குழுவின் சராசரி கட்டுப்பாட்டைவிட 1.1 செ.மீ. குறைவு; ஆனால் அது கட்டுப்பாட்டிலிருந்தோ 100-இலிருந்தோ வேறுபடுவதாகக் காட்டப்படவில்லை.”