கொழும்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ரூம்மேட்டுக்கு அனுப்பும் மெசேஜில் குத்தலை எடுப்பது எப்படி

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை பக்கம் வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதியான அனெக்ஸை வாடகைக்கு எடுத்து இரண்டு மூன்று பேராகத் தங்குபவர்களுக்குள் வாடகையைப் பற்றிச் சண்டை வருவது குறைவு, ஏனென்றால் அதற்குத் தொகையும் தேதியும் இருக்கிறது. சண்டை வருவது குப்பை, சிங்க், பாத்ரூம் விஷயத்தில்தான். அதையும் யாரும் நேரில் கேட்பதில்லை. இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் மிகவும் மரியாதையாக, ஒவ்வொரு வரியிலும் ஒரு ஊசி வைத்து அனுப்புவார்கள்.

குப்பையையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம், புதிதாக வருபவர்கள் முதலில் மாட்டுவது அதில்தான். 2017 ஏப்ரலில் கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து பலர் இறந்த பிறகு, இங்கே குப்பையைப் பிரித்துக் கொடுப்பதில் கண்டிப்பு கூடியது. சமையல் கழிவு தனி, பிளாஸ்டிக், கண்ணாடி, காகிதம் தனி. லொறி வரும் நாள் தெருவுக்குத் தெரு வேறு, பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி வைத்தால் பையை எடுக்காமல் போய்விடுவார்கள், அதில் மீன் கழிவு இருந்தால் கொழும்பு வெக்கையில் அன்று மதியத்துக்குள்ளேயே வீடு முழுக்கத் தெரிந்துவிடும்.

கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர், அவரைவிட மூத்த மட்டக்களப்பு ரூம்மேட்டுக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"ஹாய் அண்ணா, தொந்தரவுக்கு மன்னிக்கவும். நம்ம வீட்டில் குப்பை தானாகவே கீழே நடந்து போகும் என்று யாரோ நினைக்கிறார்கள் போல 🙂 இந்த வாரமும் வழக்கம் போல நானே கொண்டுபோய் வைத்தேன், பரவாயில்லை. அடுத்த தடவையாவது மீன் கழிவை பிளாஸ்டிக்கோடு போடாமல் இருந்தால் நல்லது. நீங்கள் பிஸி என்று தெரியும். நன்றி!!"

திட்டு என்று சொல்ல ஒரு சொல்கூட இதில் இல்லை. ஆனால் படிக்கிறவருக்கு உடம்பு எரியும். ஏன் என்று வரிவரியாகப் பார்த்தால்தான் எதை எடுப்பது என்று தெரியும்.

முதலில் அந்த "யாரோ". வீட்டில் இருப்பது இரண்டே பேர். எழுதுகிறவர் தான் இல்லை என்றால் மீதி ஒருவர்தான், அது அவருக்கும் தெரியும். பெயர் சொல்லாமல் விட்டது நாகரிகம் என்று எழுதுகிறவர் நினைத்துக்கொள்வார், மற்றவருக்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவது போல இருக்கும். நேராக "நீங்கள்" என்றே எழுதுங்கள், அல்லது ஆளையே விட்டுவிட்டு நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

அடுத்தது, தமிழில் குத்தல் பெரும்பாலும் சொல்லின் வாலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். "அடுத்த தடவையாவது" என்றால் இதுவரை ஒரு தடவைகூடச் செய்யவில்லை என்று அர்த்தம். "நானே" என்றால் நீ செய்யவில்லை. "ஒரு பை கூட", "கொஞ்சம் மட்டும்", "தெரியும்தானே" எல்லாம் இதே குடும்பம். எழுதி முடித்ததும் -ஆவது, -ஏ, கூட, மட்டும், தானே ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் படியுங்கள். விஷயம் மாறாமல் சூடு மட்டும் குறைந்தால், அங்கே இருந்தது குத்தல்தான்.

"வழக்கம் போல", "எப்பவும்" இரண்டையும் எண்ணிக்கையாக மாற்றுங்கள். "போன மூன்று தடவையும் நான் கொண்டுபோனேன்" என்று எழுதினால் அவர் யோசித்துப் பார்த்து ஆமாம் என்பார். "எப்பவும் நான்" என்று எழுதினால், தான் கொண்டுபோன அந்த ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவார், அப்புறம் பேச்சு குப்பையை விட்டு எங்கேயோ போய்விடும். எண்ணிக்கை நிச்சயமாகத் தெரியாவிட்டால் அந்த வரியே வேண்டாம்.

"பரவாயில்லை" பச்சைப் பொய், பரவாயில்லை என்றால் மெசேஜே அனுப்பியிருக்க மாட்டீர்கள். "பிஸி என்று தெரியும்" என்பது அக்கறை மாதிரி வரும் குற்றச்சாட்டு. கடைசியில் அந்த "நன்றி!!" அவர் ஒத்துக்கொள்வதற்கு முன்பே கதவைச் சாத்துகிறது. ஸ்மைலியும் அப்படித்தான், கோபமான வரிக்குப் பின்னால் வரும் சிரிப்பை யாரும் சிரிப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இதையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று பாருங்கள், கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. யார் எந்த நாள் என்று அந்த மெசேஜ் கேட்கவே இல்லை. பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். குத்தலை எடுக்கிறேன் என்று குறையையும் சேர்த்து எடுத்துவிட்டு "அண்ணா, முடிந்தால் குப்பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வழவழவென்று அனுப்புவார்கள். அதைப் படித்து யாரும் எழுந்து போகப்போவதில்லை. குறை அப்படியே இருக்கட்டும், அதோடு ஒரு கேள்வியும் இருக்க வேண்டும்:

"அண்ணா, நேற்று லொறியில் நம்ம பையை எடுக்கவில்லை, மீன் கழிவும் பிளாஸ்டிக்கும் ஒரே பையில் இருந்தது. பிரித்துக் கட்டி வைத்திருக்கிறேன். போன மூன்று தடவையும் நான் கொண்டுபோனேன், தனியாகச் செய்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இனிமேல் செவ்வாய் நான், வெள்ளி நீங்கள் என்று வைத்துக்கொள்ளலாமா? வெள்ளி சரிவராது என்றால் எந்த நாள் சரிவரும்?"

முதல் வரி, அவரே படித்தாலும் மறுக்க முடியாதது. கஷ்டத்தைச் சொல்லும் வரி எழுதியவரைப் பற்றியது, ரூம்மேட் எப்படிப்பட்ட ஆள் என்பதைப் பற்றியது அல்ல. கடைசிக் கேள்விக்கு "சரி" என்றும் சொல்லலாம், "வெள்ளி முடியாது, செவ்வாய் தாங்கோ" என்றும் சொல்லலாம். அனுப்புவதற்கு முன் இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: மன்னிப்புக் கேட்பது அல்லது சண்டை போடுவது, இந்த இரண்டைத் தவிர அவருக்கு வேறு பதில் இல்லையென்றால் மெசேஜ் இன்னும் தயாராகவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்குத் தனியாக ஒன்று. யாழ்ப்பாணத்து ரூம்மேட் "நீர் குப்பையைக் கொண்டுபோனீரோ?" என்று எழுதினால் கிண்டல் செய்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நமக்கு அது நாடக வசனம் மாதிரிக் கேட்கும், அவர்களுக்கு சம வயதுக்காரரிடம் பேசும் சாதாரண முறை. மாறாக, தினமும் "டா" போட்டுப் பேசுகிறவருக்கு நீங்கள் திடீரென்று "தாங்கள்" என்று எழுதினால் அது எந்த ஊர்க்காரருக்கும் உறைக்கும். எப்போதும் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே எழுதுங்கள்.

வீட்டுக்கார ஆன்ட்டியின் பெயரை இழுக்காதீர்கள். "ஆன்ட்டி பார்த்தால் என்ன நினைப்பார்" என்பது மிரட்டல்தான். மூன்று பேர் இருக்கும் குரூப்பில் ஒருவருக்கான விஷயத்தைப் போடுவதும் அதே ரகம், அவருக்குத் தனியாக அனுப்புங்கள்.

பதிலுக்கு அவர் "நீரும் பாத்ரூமில் ஃபேனை ஓட விட்டிட்டுப் போறீர்" என்று தன் குறையை எடுக்கலாம். எடுத்தால் நல்லதுதான், "அதை இரவு பேசலாம், வெள்ளிக்கிழமை சரிதானா?" என்று கேட்டு முதல் விஷயத்தை முடியுங்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை நல்லபடியாகக் கேட்டும் ஒன்றும் நடக்கவில்லையென்றால் இன்னொரு மெசேஜால் பயனில்லை, ஒரு தேத்தண்ணியோடு உட்கார்ந்து நேரில்தான் பேச வேண்டும். பேசி முடிவானதை மட்டும் வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் போட்டுப் பின் செய்து வையுங்கள். அந்தப் பின் அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும், மறுபடி பின் செய்யும்போது நாட்களை மாற்றிக்கொள்ள வேண்டுமா என்றும் கேட்டுவிடலாம்.