போன வருஷம் கொடுத்தவரிடம் முதலில் கேளுங்கள்

வியாசர்பாடியில் ஒரு மாலை நேர டியூஷன் மையம், நன்கொடையாளர்கள் 300 பேர் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தியைத் தட்டிவிடாதீர்கள். எக்செல்லில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கடைசியாகக் கொடுத்த தேதி, எத்தனை முறை, எவ்வளவு என்று எழுதி, தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். போன வருஷம் கொடுத்து இந்த வருஷம் கொடுக்காதவர்கள் தனியாகத் தெரிவார்கள். 60 பேர் தேறினால்கூட முதலில் அவர்களிடம்தான் போக வேண்டும். ஏற்கெனவே உங்களை நம்பியவர்கள் அவர்கள்.

கடிதத்தைப் பழைய தொகையிலிருந்தே தொடங்குங்கள்: "சார், போன ஜூலையில் நீங்கள் தந்த 1,500 ரூபாயில் ஐந்து பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கினோம். ஜூனில் எழுத்துக்கூட்டிப் படித்தவர்களில் மூன்று பேர் இப்போது ஒரு பத்தியைத் தடையில்லாமல் படிக்கிறார்கள். இந்த வருஷமும் தர முடியுமா?" பிள்ளைகளின் முன்னேற்றம் நோட்டால் மட்டும் வந்ததாக எழுதிவிடாதீர்கள், வகுப்பெடுத்த அக்காவுக்கும் அதில் பங்குண்டு. ஜூனில் கொடுத்த அதே அளவு கடினமான பத்தியை டிசம்பரிலும் படிக்கச் சொன்னால்தான் ஒப்பிட முடியும்.

போன முறை ரசீது அனுப்ப விட்டுப்போயிருந்தால் முதலில் அதை அனுப்புங்கள். அப்புறம் இரண்டு வாரம் கழித்துக் கேட்கலாம்.

போனில் கேட்பதா, கடிதமா என்று குழப்பமா? பட்டியலில் ஒன்று விட்டு ஒன்றாகப் பிரித்து இரண்டையும் செய்து பாருங்கள். பக்கத்துக்கு 30 பேரில் ஒரு பக்கம் 9 பேர், மறுபக்கம் 7 பேர் கொடுத்தால் அந்த வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்கலாம். போனில் 12, கடிதத்தில் 3 என்றால் போனை எடுங்கள்.