நான்கு டிப்போ, நான்கு சுற்று: எல்லா ஜோடிக்கும் குறுகிய தூரம் காண்பது எப்படி?

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் நான்கு ஊர்களில் பார்சல் டிப்போ இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கும் குறுகிய தூரம் வேண்டும். இதற்கு ஃபிளாய்டு–வார்ஷல் முறை போதும். இருவரும் 1962இல் தனித்தனியே வெளியிட்டது.

முதலில் ஊர்களுக்கு எண் கொடுங்கள்: 0 ஆற்காடு, 1 வாணியம்பாடி, 2 ஆம்பூர், 3 வேலூர். கணக்கு எளிதாக இருக்கத் தூரங்களை முழு எண்ணாக எடுத்திருக்கிறேன்: ஆற்காடு–வேலூர் 25 கி.மீ., வேலூர்–ஆம்பூர் 50, ஆம்பூர்–வாணியம்பாடி 20.

அடுத்து அட்டவணை. ஓர் ஊருக்கும் அதே ஊருக்கும் தூரம் 0. நேர்வழி இல்லாத ஜோடிக்கு முடிவிலி, அதாவது `INF`. அந்தக் கட்டத்தில் 0 போட்டுவிடாதீர்கள். இல்லாத சாலையைத் தூரமே இல்லாத சாலையாக எடுத்துக்கொண்டு மற்ற தூரங்களையும் கெடுத்துவிடும்.

```python
INF = float('inf')
d = [[0, INF, INF, 25],
     [INF, 0, 20, INF],
     [INF, 20, 0, 50],
     [25, INF, 50, 0]]
n = 4
for k in range(n):
    for i in range(n):
        for j in range(n):
            d[i][j] = min(d[i][j], d[i][k] + d[k][j])
```

`k` என்பது இடையில் தொட்டுச் செல்லும் ஊர். ஆற்காடு, வாணியம்பாடி சுற்றுகளில் எதுவும் மாறாது. இரண்டு ஊருக்கும் தலா ஒரே ஒரு சாலைதான், அவற்றின் வழியாக வேறெங்கும் போக முடியாது. ஆம்பூர் சுற்றில் வாணியம்பாடி–வேலூர் 20 + 50 = 70 ஆகிறது. கடைசியாக வேலூர் சுற்று. ஆற்காடு–ஆம்பூர் 25 + 50 = 75. ஆற்காடு–வாணியம்பாடிக்கு, முந்தின சுற்றில் கிடைத்த 70 இங்கே கைகொடுக்கிறது: 25 + 70 = 95.

இந்த 95 வந்ததற்குக் காரணம் `k` வெளியே இருப்பதுதான். ஒவ்வொரு சுற்றும் முடியும்போது, அதுவரை அனுமதித்த ஊர்களை மட்டும் இடையில் தொட்டுப் போகும் வழிகளில் மிகக் குறுகியது எல்லா ஜோடிக்கும் அட்டவணையில் இருக்கும். அடுத்த சுற்று அதை நம்பித்தான் கூட்டுகிறது.

பழக்கத்தில் பலர் `i`, `j`, `k` என்ற வரிசையில் எழுதிவிடுகிறார்கள். அப்போது ஆற்காடு–வாணியம்பாடி ஜோடி முதலிலேயே வந்துவிடும். அந்த நேரத்தில் ஆற்காடு–ஆம்பூர் தூரமும் தெரியாது, வேலூர்–வாணியம்பாடி தூரமும் தெரியாது. திரும்ப அந்தக் கட்டத்துக்கு யாரும் வருவதில்லை. கடைசிவரை `inf` என்றே நிற்கும். இங்கே `inf` என்பதால் கண்ணில் படுகிறது. சாலைகள் நிறைய இருந்தால் 95க்குப் பதில் 110 என்று நம்பும்படியான ஓர் எண் வந்து நிற்கலாம், அதுதான் ஆபத்து.

கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. மூன்று `for` வரிகளையும் அதே அட்டவணை மேல் இன்னொரு முறை ஓட்டுங்கள். ஓர் எண்கூட மாறாவிட்டால் விடை சரி. ஏதாவது குறைந்தால் வரிசையைப் பாருங்கள்.

வேலை அளவு ஊர் எண்ணிக்கையின் கனம். 100 டிப்போவுக்கு 10 லட்சம் கூட்டல், பைத்தானுக்கு அது பெரிதல்ல. 1000 டிப்போ என்றால் 100 கோடி. அப்போது இப்படி வெறும் `for` சுழற்சியாக ஓட்டுவது சரிப்படாது.