பருப்பொருளின் நிலைகள்: துகள் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கும் புதிய ஆசிரியர்களின் வகுப்புகளில் கடைசிப் பெஞ்சில் அமர்ந்து கவனிப்பது இப்போது என் பணிகளில் ஒன்று. பருப்பொருளின் நிலைகள் என்ற பாடத்தில் எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் செய்த தவறுகளே மீண்டும் நடப்பதைப் பார்க்கிறேன். பீக்கரைத் தட்டிவிடுவது, பனிக்கட்டி முன்பே உருகிவிடுவது போன்றவற்றை அவரவரே திருத்திக்கொள்வார்கள். செய்தவருக்கே தெரியாமல் போகும் தவறுகளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஊதுபத்தியை வைத்து விரவலைக் காட்டுவது

மின்விசிறி ஓடும் அறையில் வாசனையைக் கடைசி வரிசைக்குக் கொண்டுசேர்ப்பது காற்றோட்டம்தான், விரவல் அன்று.

திரவப் படத்தில் இடைவெளி விட்டு வரைவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. ஆசிரியர் கரும்பலகையில் மூன்று கட்டங்கள் போடுகிறார். திண்மக் கட்டத்தில் பதினாறு வட்டங்கள் ஒட்டி நிற்கின்றன, திரவக் கட்டத்தில் எட்டு வட்டங்கள் தள்ளித் தள்ளி மிதக்கின்றன, வாயுக் கட்டத்தில் நான்கு வட்டங்கள் மூலைக்கு ஒன்றாக இருக்கின்றன. திரவம் இரண்டுக்கும் நடுவில் உள்ள நிலை, ஆகவே அதன் இடைவெளியும் நடுத்தரமாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் அந்தப் படத்தின் வழியே மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. உண்மையில் பெரும்பாலான பொருள்களில் திண்மத்துக்கும் திரவத்துக்கும் இடையே துகள்களின் நெருக்கம் மிகச் சிறிதளவே மாறுகிறது. மாறுவது அடுக்கின் ஒழுங்கும், துகள்கள் ஒன்றையொன்று தாண்டி நகரும் சுதந்திரமும்தான். இடைவெளி பெரிதாவது திரவம் வாயுவாகும்போது.

வடசென்னைப் பள்ளி ஒன்றில் இந்தத் தவறு எவ்வளவு விலை கேட்கும் என்பதை நேரில் கண்டேன். ஆசிரியை மேற்சொன்ன படத்தை வரைந்துவிட்டு, ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்சுகள் இரண்டை எடுத்தார். ஒன்றில் காற்று, மற்றொன்றில் நீர். முனையை விரலால் அடைத்துக்கொண்டு உந்துதண்டை அழுத்தியபோது காற்று பாதியளவுக்குச் சுருங்கியது, நீர் அசையவே இல்லை. சோதனை மிக நன்றாக அமைந்தது. அப்போது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கரும்பலகையைக் காட்டி, "மிஸ், தண்ணி படத்துல நடுவுல இவ்ளோ இடம் இருக்குதே, அப்புறம் ஏன் அமுங்கல?" என்று கேட்டாள். ஆசிரியை சற்றுத் தயங்கி, "நம்ம கை பலம் பத்தாதும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண் செய்தது அறிவியல். கண்ணால் கண்ட சோதனையும் வரைந்த படமும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்பதை அவள் கண்டுபிடித்தாள். தப்பு படத்தில் இருந்தது. ஆனால் அவள் தன் கேள்விதான் தவறு என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கை பலம் பத்தாது" என்ற விடை ஏன் பொருந்தாது என்பதையும் பார்க்க வேண்டும். 20 மி.லி. சிரிஞ்சில் உள்ள காற்றைப் பாதியாக்கச் சுமார் 3 கிலோ எடையை உந்துதண்டின்மேல் வைத்தது போன்ற விசை போதும். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கட்டைவிரலுக்கு அது இயலும். அதே விசையில் 20 மி.லி. நீர் சுருங்கும் அளவு ஒரு துளியில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. எவர் கண்ணுக்கும் அது தெரியாது. படத்தில் காட்டியபடி பாதி இடம் காலியாக இருந்தால் இப்படி நடக்க வழியே இல்லை.

இந்தச் சோதனையைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீர் உள்ள சிரிஞ்சில் 1 மி.லி. காற்றுக்குமிழி தங்கியிருந்தாலும் உந்துதண்டு அரை மி.லி. இறங்கும்; உடனே வகுப்பில் "தண்ணியும் அமுங்குது" என்று குரல் எழும். முனையை நீருக்குள் அமிழ்த்தி உறிஞ்சிய பிறகு, சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து, பக்கத்தில் விரலால் சுண்டி, குமிழி மேலே வந்ததும் முனையில் நீர் துளிர்க்கும்வரை தள்ள வேண்டும். விரலின் சதை முனைக்குள் சற்றே பிதுங்கும், உந்துதண்டின் ரப்பரும் சற்றே நெளியும்; ஆகவே முனையைப் பென்சில் அழிக்கும் ரப்பரின்மேல் செங்குத்தாக ஊன்றி அழுத்துவது நல்லது. உந்துதண்டு இறங்கினால், குமிழி இருக்கிறதா என்று மாணவர்களையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

படத்தைத் திருத்துவது கடினமில்லை. திரவக் கட்டத்தில் திண்மத்தில் உள்ள அதே அளவு வட்டங்களை, ஏறத்தாழ அதே எண்ணிக்கையில், ஒன்றையொன்று தொடும்படி, ஆனால் வரிசை கலைந்து வரைய வேண்டும். அவை பாத்திரத்தின் அடியில் தங்கி, மேற்பரப்பு சமமாக இருக்க வேண்டும். வாயுக் கட்டத்தில் ஒரே ஒரு வட்டம் போதும். இதைக் கண்டு மாணவர்கள் வியப்பார்கள், அப்போது கணக்கைச் சொல்லலாம். 1 மி.லி. நீர் 100 டிகிரி செல்சியஸில் முழுவதும் நீராவியானால் சுமார் 1,700 மி.லி. இடத்தை நிரப்புகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இடைவெளி ஏறத்தாழ 12 மடங்கு ஆகிறது என்பது இதன் பொருள் (12 × 12 × 12 = 1,728). கரும்பலகையில் 1 செ.மீ. வட்டம் வரைந்தால், அடுத்த துகளை 12 செ.மீ. தள்ளி வரைய வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் போடும் சிறிய கட்டத்துக்குள் இரண்டாவது வட்டத்துக்கு இடமே இருக்காது.

மாணவர்களையே துகள்களாக நிறுத்தி ஆடவைக்கும்போதும் இதே பிழை நுழைகிறது. "இப்போ திரவம்" என்றதும் பிள்ளைகள் கைகளை நீட்டி விலகிக்கொள்கிறார்கள். தோளோடு தோள் உரச, இடம் மாறிக்கொண்டே நகரச் சொல்ல வேண்டும்.

பனிக்கட்டியைப் பொது எடுத்துக்காட்டாக்குவது

திண்மத்தில் துகள்கள் மிக நெருக்கம் என்று கற்பித்துவிட்டுப் பனிக்கட்டியைக் காட்டினால், அது நீரில் மிதந்து நம் சொல்லைப் பொய்யாக்கும். 100 மி.லி. நீர் உறைந்தால் சுமார் 109 மி.லி. ஆகிறது, பனிக்கட்டியில் துகள்கள் நீரில் இருப்பதைவிடச் சற்று விலகியே அடுக்கப்பட்டுள்ளன. நீர் இதில் விதிவிலக்கு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. பொதுவாக நடப்பதைக் காட்டத் தேங்காய் எண்ணெய் பொருத்தமானது. முந்தைய இரவே ஒரு தேக்கரண்டி எண்ணெயைக் குளிர்பெட்டியில் உறையவைத்து, வகுப்பில் அந்தக் கட்டியை உருகிய எண்ணெயில் போட்டால் அது அடியில் போய் அமரும். பக்கத்தில் இன்னொரு டம்ளரில் நீரும் பனிக்கட்டியும் இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டியே உருகிவிடும் என்பதால், சென்னை வெயிலில் கட்டியை ஐஸ் நிரப்பிய டப்பாவில் வைத்துக் கொண்டுபோய், முதல் வேலையாக இதைச் செய்துவிட வேண்டும்.

துகள்களுக்கு இடையில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் விடுவது

கேட்டால் பாதி வகுப்பு "காற்று" என்று சொல்லும். காற்றும் துகள்கள்தான், அவற்றுக்கு இடையில் எதுவும் இல்லை என்று அப்போதே சொல்லிவிட வேண்டும்.

ஸ்பாஞ்சு கேள்வியைத் தட்டிக்கழிப்பது

"ஸ்பாஞ்சு திண்மம்தானே, அது ஏன் அமுங்குது?" என்று எந்த வகுப்பிலும் ஒருவர் கேட்பார். ஸ்பாஞ்சை நீருக்குள் பிடித்து அமுக்கினால் குமிழிகள் வரும். சுருங்கியது துளைகளில் இருந்த காற்றின் இடம் என்பதை அதுவே காட்டிவிடும்.

மறுவாரம் சோதிக்காமல் விடுவது

வரையறையைக் கேட்டால் எல்லோரும் ஒப்பித்துவிடுவார்கள், அதனால் எதுவும் தெரியவராது. திரவத்துக்கு மூன்று படங்களை வரைந்து கொடுங்கள்: இடைவெளி மிகுந்தது ஒன்று, நெருங்கி வரிசை கலைந்தது ஒன்று, நெருங்கி வரிசையானது ஒன்று. எந்தப் படம் சிரிஞ்சில் கண்டதோடும், நீரை ஊற்ற முடிகிறது என்பதோடும் ஒருசேரப் பொருந்துகிறது என்று கேட்டு, காரணத்தை இரண்டு வரிகளில் எழுதச் சொல்லுங்கள். முதல் படத்தைத் தேர்ந்தவர்களிடம் விடையைச் சொல்ல வேண்டாம். நீர் நிரப்பிய சிரிஞ்சைக் கையில் கொடுத்து, அந்தப் படத்தில் உள்ள காலி இடம் எங்கே போயிற்று என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.