நீர்த்தாரை மெலிந்தால்: சிறுநீர்க் குழாய்ச் சுருக்கத்தில் நடக்கும் தவறுகள்

சிறுநீர் மெல்லிய தாரையாக, முக்கினால்தான் வருகிறது என்றதும் எல்லோரும் கை காட்டுவது புராஸ்டேட்டைத்தான். 65 வயதுக்காரருக்கு அது சரி. 35 வயதுக்காரருக்கு மாத்திரை எழுதும் முன் கேட்க வேண்டியது வேறு: எப்போதாவது கவட்டையில் பலமாக அடிபட்டதா? கதீட்டர் போட்டார்களா? பால்வினை நோய் வந்ததா? குழாயின் உள்சுவரில் தழும்பு விழுந்து வழி குறுகியிருந்தால், புராஸ்டேட் மாத்திரை அந்தத் தழும்பைத் தொடவே தொடாது.

அடுத்து, சிறுநீர் போகும் வேகத்தை இயந்திரத்தில் அளக்கும் நீரோட்டப் பரிசோதனை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இப்படி ஒருவரை வைத்துக்கொள்வோம்: அவசரமாகப் போய் 90 மில்லிதான் கழிக்கிறார். தாரை அங்கும் இங்கும் ஆடியதில் வரைபடத்தில் ஊசி போல ஒரு முனை எழும்புகிறது. இயந்திரம் அதையே உச்ச வேகமாக எடுத்து, நொடிக்கு 17 மில்லி என்று அச்சிடுகிறது. 15-க்கு மேல்தானே, பரவாயில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். 150 மில்லிக்குக் குறைவாகப் போனால் அந்த எண்ணை நம்பக்கூடாது. அவரே நன்றாக முட்டியபின் 280 மில்லி போகிறார். 45 நொடி ஆகிறது, உச்சம் 8. கோடு மலை போல ஏறி இறங்காமல் மேசை மாதிரி தட்டையாக ஓடுகிறது. சுருக்கத்தின் அடையாளம் அந்தத் தட்டைதான். அதனால் எண்ணோடு நிறுத்தாமல் படத்தையும் கேட்டு வாங்குங்கள். அதற்காக வலிக்கும் வரை அடக்கவும் வேண்டாம், அளவு மீறி நிரம்பிய பையும் வேகத்தைக் குறைத்துக் காட்டும்.

சோதனை இவ்வளவுதான் சொல்லும். சிறுநீர்ப்பை தளர்ந்திருந்தாலும் வேகம் குறையும். சுருக்கம் எங்கே, எவ்வளவு நீளம் என்பது மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயில் தெரியும்.

இனி சிகிச்சை. குழாயில் கவட்டைக்குள் இருக்கும் பல்பார் பகுதியில் 2 செ.மீ.க்குள் இருக்கும் சுருக்கம், அதுவும் முதல் முறை என்றால், டைலடேஷன் செய்து விரிப்பதோ எண்டோஸ்கோப் வழியாக வெட்டிவிடுவதோ நியாயமான தொடக்கம். தவறு அதற்குப் பிறகுதான் வருகிறது. சில மாதத்தில் தாரை மறுபடி மெலிகிறது, மறுபடி விரிக்கிறார்கள், அப்புறம் இன்னொரு தடவை. ஒவ்வொரு முறையும் புதுக் காயம். தழும்பு நீள்கிறது, அடுத்த முறை பலிக்கும் வாய்ப்பு குறைகிறது. ஒரு தடவை தோற்றதுமே, குழாயைச் சீரமைக்கும் ஆபரேஷனான யூரித்ரோபிளாஸ்டி பற்றிக் கேட்பதுதான் புத்திசாலித்தனம் என்பேன். குட்டையான சுருக்கத்தை வெட்டி எடுத்து முனைகளை இணைப்பார்கள். நீளமானதற்குக் கன்னத்தின் உட்சவ்வை வைத்துத் தைப்பார்கள். பெரிய ஆபரேஷன்தான், ஆனால் பெரும்பாலோருக்கு நிலைத்து நிற்கிறது. உடல் அதைத் தாங்காதவர்களுக்கு, தாங்களே கதீட்டர் விட்டு வழியைத் திறந்து வைப்பது மாற்று.

இன்னொன்று: விரித்த உடனே எக்ஸ்ரே எடுத்தால் சுருக்கம் உள்ளதைவிடச் சின்னதாகத் தெரியும். குழாயைச் சில வாரம் தொடாமல் விட்டு எடுப்பார்கள்.

சிறுநீர் அடியோடு நின்றுபோனால், அல்லது குளிருடன் காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனதும் சுருக்கம் இருப்பதை முதலில் சொல்லுங்கள். தெரியாமல் கதீட்டரை அழுத்தித் தள்ளினால் குழாய் கிழியலாம். தேவைப்பட்டால் அடிவயிறு வழியாக நீரை எடுப்பார்கள்.