குவிலென்சு கதிர்ப்படம்: பிம்பம் எங்கே இடம் மாறிப்போகிறது?

குவிலென்சுக்கான கதிர் விதிகளைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். முதன்மை அச்சுக்கு இணையாக வரும் கதிர் மறுபக்கக் குவியம் வழியே போகும். ஒளியியல் மையம் வழியே வரும் கதிர் திசை மாறாது. இவ்வளவு தெரிந்தும், ஸ்கேல் வைத்து வரைந்தால் பிம்பம் வர வேண்டிய இடத்துக்கு வருவதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குவியத்தொலைவு 4 செ.மீ., பொருளின் உயரம் 2 செ.மீ., லென்சிலிருந்து அதன் தூரம் 6 செ.மீ. அதாவது F-க்கும் 2F-க்கும் நடுவில். பிம்பம் மறுபக்கம் 12 செ.மீ. தூரத்தில், தலைகீழாக, 4 செ.மீ. உயரத்தில் விழ வேண்டும்.

பலர் லென்சை நன்றாகத் தடிமனாக வரைந்து, இணைக்கதிரை அதன் முன்பக்க வளைவு தொட்டதுமே திருப்பிவிடுவார்கள். மையக் கோட்டுக்கு வெறும் அரை செ.மீ. முன்னால் திருப்பினாலும் போதும், பிம்பம் 12-க்குப் பதிலாக 16 செ.மீ.க்கு ஓடிவிடும். இரண்டு கதிர்களும் சிறிய கோணத்தில் வெட்டிக்கொள்வதால் சின்னப் பிசகு இவ்வளவு பெரிதாகிறது. மெல்லிய லென்சுக்கு, கதிர் திரும்பும் இடம் எப்போதும் லென்சின் நடுவே செல்லும் செங்குத்துக் கோடுதான். தூரங்களையும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். லென்சின் வளைவு வெறும் அலங்காரம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதே படத்தில் மூன்றாவது கதிரையும் வரைந்து சரிபார்க்கப் போனால் வேறொரு சிக்கல். பொருளின் உச்சியிலிருந்து முன்பக்க F வழியாக வரும் கதிர், அச்சுக்கு 4 செ.மீ. கீழே அந்த நடுக்கோட்டை அடையும். வரைந்த லென்சோ அவ்வளவு நீளம் இருக்காது. உடனே கதிரை வளைத்து லென்சுக்குள் திணிக்க வேண்டாம். நடுக்கோட்டைப் புள்ளிக்கோடாகக் கீழே நீட்டி, கதிரை அங்கிருந்து அச்சுக்கு இணையாகக் கொண்டுபோனால் அதே பிம்ப உச்சியில் வந்து சேரும்.

பொருளை F-லேயே வைக்கும்போது, வெளிவரும் இரண்டு கதிர்களும் இணையாகப் போகும். தாளின் ஓரத்தில் அவற்றை வலுக்கட்டாயமாகச் சேர்ப்பது தவறு. பிம்பம் ஈறிலாத் தொலைவில் என்று எழுதிவிட்டால் போதும்.

மதிப்பெண் அதிகம் போவது, பொருள் F-க்கும் லென்சுக்கும் இடையில் வரும்போது. பொருளை 2 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். கதிர்கள் மறுபக்கம் விரிந்து செல்கின்றன, அங்கே அவை சந்திக்கவே சந்திக்காது. சந்திப்பு இல்லையே என்று பயந்து ஒரு கதிரைக் கூடுதலாகச் சாய்ப்பவர்கள் உண்டு. சாய்க்காமல், வெளிவந்த இரண்டையும் புள்ளிக்கோடாகப் பின்னோக்கி நீட்டுங்கள். பொருள் இருக்கும் பக்கத்திலேயே, 4 செ.மீ. தூரத்தில், அதாவது சரியாக F-இல், 4 செ.மீ. உயரத்தில் நேரான மாய பிம்பம் கிடைக்கும். அதையும் புள்ளிக்கோடாகவே வரைய வேண்டும். முழுக்கோடு போட்டால் மெய் பிம்பம் என்று பொருளாகிவிடும்.